ஆறினாலும் இறுகாத குக்கர் பொங்கல்

குக்கரைத் திறக்கும்போது குழைவாக இருக்கும் வெண்பொங்கல், தட்டில் போட்டுச் சாப்பிட உட்காருவதற்குள் கட்டியாகிவிடும். கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல காலை உணவுகள் இப்படியே போயின.

அளவு இதுதான்: ஒரு கப் பச்சரிசி, அரை கப் பாசிப்பருப்பு, நாலரை கப் தண்ணீர், மிதமான தீயில் நாலு விசில். முதலில் விசிலைக் கூட்டினேன், அடிப்பிடித்ததுதான் மிச்சம். அப்புறம் தண்ணீரைக் கூட்டினேன். விசில் வழியே கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பருப்பைக் கால் கப்பாகக் குறைத்தபோது இன்னும் சீக்கிரம் இறுகியது. ஆறும்போது கெட்டிப்படுவது பெரும்பாலும் அரிசியின் மாவுச்சத்து, அதன் பங்கு கூடினால் வேறென்ன ஆகும்?

கடைசியில் பழைய அளவுக்கே திரும்பினேன். பிரஷர் தானாக அடங்கியதும் திறந்து, சூட்டோடு கரண்டியின் பின்புறத்தால் மசித்தேன். ஒரு கப் கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறினேன். தண்ணீர் கொதித்திருப்பது முக்கியம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது கலக்காமல் தனியாக நிற்கிறது, இடையில் சிறு கட்டிகளும் விழுகின்றன.

இறக்கும்போது பொங்கல் தட்டில் தானாகப் பரவ வேண்டும், விரலால் கோடு போட்டால் மெல்ல மூட வேண்டும். பார்க்க நீர்த்துப்போன மாதிரிதான் இருக்கும். நெய்யில் மிளகு, சீரகம் தாளித்துக் கொட்டிப் பதினைந்து நிமிடம் விட்டால் சரியான பதம் வந்துவிடும்.

பருப்பு மட்டும் முழுசாக நின்றால், வாசம் வந்ததும் வறுப்பதை நிறுத்திப் பாருங்கள். சிவக்க வறுத்த பருப்பு எளிதில் குழையாது.