விரல் வெளுத்தால் எல்லாப் பழியையும் குளிர்மேல் போடாதீர்கள்

நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படியும் நாட்களில் கிளினிக்கில் ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்: "டொக்டர், கொழுந்து எடுக்கப் போனா விரல் வெள்ளையாகி மரத்துப் போகுது. அப்புறம் நீலமாகுது." புதிதாக வரும் இளம் மருத்துவர்கள் நான் அந்த வயதில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கையுறை போடுங்கள், சிகரெட்டை விடுங்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளுப்பு என்றதும் இரும்பு மாத்திரை

இந்தத் தவறை இன்று பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 41 வயதுப் பெண் ஒருவர் வந்தார். அப்போது காலை பதினொரு மணி, வெயில் ஏறிவிட்டது. கை சூடாக, சாதாரணமாக இருந்தது. கண் இமையின் உட்புறம் கொஞ்சம் வெளுத்திருந்ததால், "இரத்தம் குறைவு, குளிர் வேற" என்று இரும்பு மாத்திரை எழுதி அனுப்பினேன். அடுத்த குளிர்காலத்திலும் அதையே செய்தேன். மூன்றாம் முறை வந்தபோது ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு கறுத்த புண். விரல்கள் உப்பி மோதிரம் கழற்ற முடியவில்லை. மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நுரையீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. அவருக்கு இருந்தது ஸ்க்ளெரோடெர்மா, அதாவது தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் இணைப்புத் திசு நோய். விரல் அதை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியது பெரிய வேலை இல்லை. இரத்தக் குறைவில் கை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். குளிரில் விரலின் சின்ன நாடிகள் சுருங்கி அடைபடும்போது (இதைத்தான் ரேனோ என்கிறோம்) வெள்ளை ஒரு கோட்டோடு நின்றுவிடும், கோடு போட்டுப் பூசியது போல. உள்ளே தங்கிய இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்ததும் நீலம். நாடி திறந்ததும் சிவப்பு, எரிச்சல். கறுத்த தோலில் புறங்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள். கிளினிக்குக்கு வருவதற்குள் நிறம் மாறிவிடும் என்பதால், வெளுக்கும் நேரத்தில் போனில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள்.

அப்புறம் வயது. பதினைந்து முதல் முப்பதுக்குள் தொடங்கி, இரு கையிலும் வந்து, புண் இல்லாமல் போனால் பெரும்பாலும் அது வெறும் ரேனோதான். நாற்பதைத் தாண்டி முதல் தடவையாக வந்தாலும், கடுமையாக வலித்தாலும், நுனியில் புண் வந்தாலும் இணைப்புத் திசு நோயைத் தேடியாக வேண்டும். நெஞ்செரிச்சல் இருக்கிறதா, சாப்பாடு தொண்டையில் நிற்கிறதா, வரட்டு இருமல் உண்டா, காலையில் விரல் உப்புகிறதா, மூட்டு வலி, வாய்ப்புண் உண்டா என்று கேளுங்கள்.

கடைசியாக நகத்தின் அடி. மோதிர விரலின் நக அடித்தோலில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, கண் பார்க்கும் ஒப்தல்மோஸ்கோப்பை அதிக பிளஸ் எண்ணில் திருப்பி, கிட்டத்தில் பிடியுங்கள். நல்ல விரலில் இரத்த நுண்குழாய்கள் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியது போலத் தெரியும். நோயுள்ள விரலில் சில ஊசிகள் பெருத்துக் கிடக்கும், நடுநடுவே வெற்றிடம் இருக்கும், புள்ளி புள்ளியாக இரத்தக் கசிவும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு மூன்றும் இருந்தன. நான் முதன்முதலாகப் பார்த்ததே மூன்றாம் வருகையில்தான்.

நக அடியும் ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் தைரியம் சொல்லி அனுப்பலாம், புதிதாக ஏதும் வந்தால் திரும்பி வரச் சொல்லி. இரண்டில் ஒன்று சரியில்லாவிட்டாலும் வாதநோய் நிபுணரிடம் அனுப்புங்கள். காத்திருக்கும் நாட்களில் பிரஷரையும் சிறுநீரில் புரதத்தையும் பாருங்கள்.

ஒரு கை மட்டும் வெளுத்தால்

அது ரேனோவாக இல்லாமல் பெரிய நாடியில் அடைப்பாக இருக்கலாம். இரு மணிக்கட்டிலும் நாடி பிடியுங்கள், இரு கையிலும் பிரஷர் எடுங்கள். ஒரு விரல் திடீரென்று நீலமாகி, சூடாக்கியும் மணிக்கணக்கில் திரும்பாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.

கொதிநீரில் கை வைப்பது

மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்துவிடும்.

உப்பிய விரலுக்கு பிரெட்னிசலோன்

மூட்டுவாதம் என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். ஸ்க்ளெரோடெர்மாவில் இந்த ஸ்டீரொய்டை அதிக அளவில் கொடுத்தால் பிரஷர் திடீரென எகிறிச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து கூடும். ரேனோவுக்குத் தேவைப்படுவது மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் போன்ற, நாடியைத் தளர்த்தும் மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்கு யாராவது புரோப்ரனலோல் எழுதியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அது விரல் நாடியை இன்னும் சுருக்கலாம்.