மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல்: மருந்துக்கு முன் பரிசோதனை

பெரிய குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, காலையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு அந்த வரிசை பொருந்தாது. முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும், மருந்து அதற்குப் பிறகுதான். ராத்திரி ஒரு மணிக்கு என்ன செய்வது, ஏன் அப்படிச் செய்வது என்பதை ஒரு குழந்தையை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஐந்து வாரக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 4.2 கிலோ, நிறைமாதத்தில் பிறந்தது. நேற்று வரை நன்றாகப் பால் குடித்தது. இன்று இரவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் குடித்திருக்கிறது, தொட்டால் உடம்பு சுடுகிறது.

படி 1: அளந்து பாருங்கள்

கை வைத்துப் பார்ப்பது சந்தேகத்தைக் கிளப்ப உதவும். ஆனால் காய்ச்சல் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். காதில் வைத்து அளக்கும் கருவி இந்த வயதில் நம்பகமில்லை, காதுத் துவாரம் அவ்வளவு சிறியது.

எளிதான இடம் அக்குள். நுனி தோலைத் தொடும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒலி வரும் வரை காத்திருங்கள். நம் குழந்தைக்கு 37.7 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. அக்குள் அளவு உடலின் உள்வெப்பத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அதனால் 37.7-ஐப் பார்த்து, 38 தொடவில்லையே என்று விட்டுவிட முடியாது.

குழந்தைக்கு இரண்டு போர்வை சுற்றியிருக்கிறது. சரி, அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு மெல்லிய உடையோடு இருபது நிமிடம் விட்டு மறுபடி அளக்கலாம். ஆனால் இந்தக் காத்திருப்பு ஒரு முறைதான். முதல் அளவே 38-ஐத் தொட்டிருந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ அந்த இருபது நிமிடமும் வேண்டாம்.

இரண்டாவது முறை ஆசனவாயில் அளக்கிறார்கள். இதற்கென்று தனியாக வைத்திருக்கும் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, சுமார் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உள்ளே வைக்க வேண்டும். தடை தட்டுப்பட்டால் தள்ளக் கூடாது. பழக்கமில்லாதவர்களும் குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டியதில்லை. அக்குளில் 37.5-க்கு மேல் நிற்கிறது என்று மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னாலே போதும். நம் குழந்தைக்கு இப்போது 38.3.

எந்த இடத்தில் அளந்தாலும் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த வயதில் அது காய்ச்சல், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மறுபக்கமும் நினைவில் இருக்கட்டும். சின்னக் குழந்தைக்குத் தொற்று வந்தால் சில சமயம் உடல் சூடாவதற்குப் பதில் குளிர்ந்துபோகும். போர்த்திய பிறகும் 36-க்குக் கீழேயே நின்றால் அதுவும் அதே அவசரம்தான்.

படி 2: பாட்டிலைத் திறக்காதீர்கள்

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். குழந்தை சுடுகிறது, வீட்டில் மருந்து இருக்கிறது, கை தானாகப் போகும். கொடுத்தால் என்ன நடக்கும் என்று நம் குழந்தையையே வைத்துப் பார்ப்போம்.

இரண்டு மணிக்குப் பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். மூன்றரைக்கு வெப்பம் 37.2. குழந்தை கொஞ்சம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பாராசிட்டமால் மூளையில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டை மட்டுமே மாற்றுகிறது, கிருமியை ஒன்றும் செய்வதில்லை. சிறுநீரகத்திலோ இரத்தத்திலோ பாக்டீரியா இருந்தால் அது அந்த நேரமெல்லாம் பெருகிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு மறுபடி காய்ச்சல் ஏறும்போது ஆறு மணி நேரம் போயிருக்கும்.

‘மருந்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, அப்படியென்றால் சாதாரணக் காய்ச்சல்தான்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வைரஸ் காய்ச்சலும் இறங்கும், மூளைக்காய்ச்சலில் வரும் சூடும் இறங்கும். இறங்கியதை வைத்துக் காரணத்தைப் பிரிக்க முடியாது.

இந்த வயதில் இவ்வளவு கவலைப்படக் காரணம் குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறது. வெள்ளணுக்களின் இருப்பு குறைவு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் சில கிருமிகளுக்கு உதவும், எல்லாவற்றுக்கும் உதவாது. அதனால் ஓரிடத்தில் தொடங்கும் தொற்று அங்கேயே அடங்காமல் இரத்தத்துக்குள்ளும், அங்கிருந்து மூளையைச் சுற்றிய உறைக்கும் எளிதாகப் போய்விடும். காய்ச்சலோடு வரும் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குக் கடுமையான பாக்டீரியா தொற்று இருக்கிறது. அதில் அதிகம் சிறுநீர்த்தொற்று. மீதி ஒன்பது பேருக்கும் பெரும்பாலும் வைரஸ்தான், தானாகச் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பத்தாவது குழந்தையும் முதல் சில மணி நேரம் மற்ற ஒன்பது குழந்தைகளைப் போலவேதான் இருக்கும். ஐந்து வாரக் குழந்தை வலி என்று சொல்லாது, கழுத்து விறைப்பு பெரும்பாலும் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். அதை அழித்துவிட்டு மருத்துவரிடம் போனால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

வீட்டில் மீதி இருக்கும் ஆன்டிபயாடிக்கையும் தொடவே கூடாது. அது தொற்றை அரைகுறையாக அடக்கி, கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமல் செய்துவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்து என்று கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டுப் போகும். ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் இந்த வயதுக்கு உரிய மருந்துகளே அல்ல.

ஏற்கெனவே பாராசிட்டமால் கொடுத்துவிட்டீர்களா? அப்போதும் போங்கள். எத்தனை மணிக்கு, எந்த பாட்டிலிலிருந்து, எத்தனை மில்லி என்று தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் அளந்த 38.3 பொய்யாகிவிடாது. மருத்துவமனையில் அளக்கும்போது 37 காட்டினாலும், வீட்டில் காய்ச்சல் இருந்தது என்பதையே மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

படி 3: கிளம்புங்கள்

மூச்சு விடத் திணறுவது, தோல் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது, எழுப்பினாலும் விழிக்காமல் இருப்பது, வலிப்பு, உச்சிக்குழி புடைத்திருப்பது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், பாலே குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தாலும், இரவோ பகலோ, குழந்தைகளைப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே கிளம்ப வேண்டும்.

வழியில் குழந்தை கேட்டால் வழக்கமான பாலையே கொடுங்கள், தண்ணீர் வேண்டாம். ஐஸ் ஒத்தடம், குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, ஸ்பிரிட் தடவுவது எதுவும் கூடாது. ஒரு தாளில் அளந்த நேரமும் அளவும் இடமும், கடைசியாகப் பால் குடித்தது, கடைசியாக டயப்பர் நனைந்தது, தடுப்பூசி ஏதாவது போட்டிருந்தால் அந்தத் தேதி, பிரசவத்தின்போது தாய்க்குக் காய்ச்சலோ தொற்றோ இருந்ததா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை மருத்துவர் கண்டிப்பாகக் கேட்பார். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்த கிருமி சில வாரம் கழித்துக்கூட வெளிப்படலாம்.

படி 4: அங்கே என்ன செய்வார்கள்

நம் குழந்தையை மருத்துவர் பார்க்கிறார். நிறம் நன்றாக இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது. இருந்தும் இரத்தமும் சிறுநீரும் எடுக்கிறார். சிறுநீரை மெல்லிய குழாய் வைத்து எடுப்பதைப் பார்க்கப் பெற்றோருக்குக் கஷ்டமாக இருக்கும். பையை ஒட்டிப் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமி கலந்து முடிவு குழம்பிவிடும் என்பதால்தான் அப்படி.

சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கின்றன. கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். ஒன்றரை நாளில் ஈ. கோலை என்ற பாக்டீரியா வளர்கிறது. இரத்தத்தில் எதுவும் வளரவில்லை, தொற்று பரவும் முன்பே பிடிபட்டுவிட்டது.

நான்கு வாரம்கூட ஆகாத குழந்தையாக இருந்தால் பெரும்பாலும் முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள், முடிவு வரும் வரை மருத்துவமனையில் வைத்துக்கொள்வார்கள். முதுகில் ஊசி என்றதும் பயம் வருவது இயல்பு. ஊசி தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் போகிறது. மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல வேறு நம்பகமான வழி கிடையாது.

தடுப்பூசிக்கு மறுநாள் வரும் காய்ச்சல் பற்றிக் கேட்பீர்கள். ஊசியால் வந்திருக்கலாம், தற்செயலாக அதே நாளில் தொற்றும் வந்திருக்கலாம். இரண்டையும் வீட்டிலிருந்து பிரிக்க முடியாது, கூப்பிட்டுக் கேளுங்கள். சில நாடுகளில் குறிப்பிட்ட ஊசிக்குப் பிறகு பாராசிட்டமால் கொடுக்கச் சொல்வதுண்டு. அதை ஊசி போடுபவரே அளவோடு முன்கூட்டிச் சொல்லியிருப்பார்.

படி 5: மருந்து, மருத்துவர் சொன்ன பிறகு

பரிசோதனை முடிந்து, குழந்தை அசௌகரியமாக இருந்தால் மருத்துவரே பாராசிட்டமால் எழுதலாம். அப்போதும் கவனம் தேவை. அவர் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தில் அது அரை மில்லி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் அது ஏறத்தாழ 2 மில்லி. சிரப்புக்கான 2 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் 200 மில்லிகிராம் போய்விடும், நான்கு மடங்கு. இந்த வயதுக் கல்லீரல் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும்.

அதனால் வீட்டில் இருக்கும் பாட்டிலையே எடுத்துப்போய்க் காட்டி, ‘இதிலிருந்து எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை தடவை’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டீஸ்பூன் வேண்டாம், மில்லி குறித்த சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். அந்தச் சீட்டு இந்த முறைக்கு மட்டும்தான். மூன்று மாதம் முடிவதற்குள் இன்னொரு நாள் காய்ச்சல் வந்தால் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.