ரங்கநாதன் தெருவில் கேமராவோடு: எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவைச் செல்பேசியில் படம்பிடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் மாம்பலம் ரயில் நிலையம், மறுமுனையில் உஸ்மான் சாலை. ஒவ்வொரு மின்சார ரயில் வந்து நின்றதும் புதிதாக ஒரு கூட்டம் தெருவுக்குள் இறங்கும்.

முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று. செல்பேசியைப் பையில் வைத்துவிட்டுத் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். முதுகைச் சாய்த்து நிற்க ஒரு தூணோ மூடிய கடையின் ஷட்டரோ வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஒதுங்க ஒரு சந்தோ படிக்கட்டோ இருக்க வேண்டும். தெருவை விட்டு வெளியேறும் வழிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை அவற்றில் ஒன்று.

பிறகு கருவியைத் தயார்செய்யுங்கள். தெளிவுத்திறன், ஒளி அளவு எல்லாவற்றையும் கூட்டத்துக்கு வெளியிலேயே அமைத்துவிடுங்கள். நெரிசலுக்குள் நின்று அமைப்புகளைத் தேடும்போதுதான் கவனம் முழுவதும் திரைக்குள் போய்விடும். செல்பேசியின் வாரை மணிக்கட்டில் மாட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். ஒருமுறை என் கழுத்து வார் கடந்துபோன ஒரு பைக்கின் கைப்பிடியில் சிக்கிக்கொண்டது. வண்டி மெதுவாக வந்ததால் இரண்டடி இழுபட்டதோடு போயிற்று. வேகமாக வந்திருந்தால் தரையோடு இழுத்துப் போயிருக்கும். அன்றிலிருந்து, இழுத்தால் கழன்றுவிடும் மெல்லிய மணிக்கட்டு வார்தான். யாராவது பறிக்க வந்தாலும் விட்டுவிடலாம்.

எடுக்கும்போது நடக்காதீர்கள், நடக்கும்போது எடுக்காதீர்கள். தொடக்கத்தில் இதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். குறித்துவைத்த இடத்தில் முதுகைச் சாய்த்து நின்று, மனதுக்குள் பத்து எண்ணும்வரை ஒரு காட்சி எடுங்கள். செல்பேசியை இறக்கி, இருபுறமும் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள். தொகுப்பில் பெரும்பாலும் நான்கைந்து விநாடிதான் பயன்படும் என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை.

உஸ்மான் சாலைப் பக்கம் வந்தால் இன்னும் ஓர் எச்சரிக்கை. செல்பேசியின் 0.5x அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிக் காட்டும். திரையில் தூரத்தில் தெரியும் ஆட்டோ உண்மையில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். வண்டியின் தூரத்தை எப்போதும் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். சாலையோரம் நின்றால் வண்டிகள் எதிரே வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். ஆனாலும் தவறான திசையில் வரும் இருசக்கர வாகனம் முதுகுப்பக்கமாகத்தான் வரும். அதற்காகவே உடன் ஒருவர் வேண்டும். அவர் திரையைப் பார்க்கவே கூடாது, சாலையை மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் தோளில் அவர் கை வைத்தால் உடனே செல்பேசியை இறக்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். காட்சி நன்றாக வரவில்லை என்று ஓர் அடிகூடப் பின்னால் வைக்காதீர்கள்.

நிறுத்த வேண்டிய நேரம். இதைக் கிளம்பும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். நல்ல காட்சி கண்முன் இருக்கும்போது மனம் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றே கேட்கும். தரையில் ஒரு மீட்டர் நீளமும் அகலமுமான கட்டத்தைக் கற்பனை செய்து, அதற்குள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் எடுக்கலாம். நான்கு என்றால் வெளியேறத் தொடங்குங்கள். ஐந்தைத் தாண்டினால் ஒருவர் தம் விருப்பப்படி நகர முடியாது. ஆறேழு பேர் ஆகும்போது கூட்டமே தண்ணீர்போல அலையாகி ஆட்களைத் தூக்கிச் செல்லும். எண்ண வழியில்லையென்றால் உடம்பே சொல்லும்: இரு தோள்களிலும் ஒரே நேரத்தில் ஆள் உரசினால் போதும்.

சென்ற ஆண்டு நானும் தம்பியும் போனபோது பதினோராவது காட்சியில் திடீரென மழை பிடித்துக்கொண்டது. நடுத்தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கடைப் பந்தல்களுக்குள் நெருக்கினார்கள். நாங்கள் நின்ற ஷட்டர் ஓரமே மிக நெரிசலான இடமாகிவிட்டது. அசையாப் பொருளுக்கு எதிராக நசுக்கப்படுவதுதான் நெரிசலில் பேராபத்து என்பதால், அதுவரை காத்த சுவரை விட்டு முதலில் விலகினோம். செல்பேசியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மூச்சுக்கு இடம் இருக்கும்படி இரு முன்கைகளையும் மார்புக்கு முன் மடக்கினோம். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அது போகும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே நகர்ந்தோம். தம்பியின் பவர் பேங்க் கீழே விழுந்தது. அவன் குனியப் பார்த்தான். நான் கையைப் பிடித்து நிமிர்த்தினேன். குனிந்தவர் மேல் பின்னால் வருபவர் விழுவார். முதலில் வந்த சந்துக்குள் நுழைந்தோம். விடுபட்ட காட்சிகளைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கடைகள் திறக்கும் வேளையில் எடுத்துக்கொண்டோம்.