தஞ்சாவூர் ஓவியத்தைக் கோணலின்றிப் படமெடுக்க

சுவரில் மாட்டிய தஞ்சாவூர் ஓவியத்தைப் போனில் எடுக்கும்போது சட்டம் மேலே குறுகித் தெரிகிறதா? போனை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓவியத்தின் நடுப்பகுதி இருக்கும் உயரத்துக்குப் போனைக் கொண்டுவாருங்கள். எட்டாவிட்டால் ஸ்டூல் மேல் நில்லுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2x ஜூமில் எடுத்தால் சின்னச் சாய்வு அவ்வளவாகத் தெரியாது. கேமராவின் கட்டக் கோடுகளோடு சட்டத்தின் நான்கு விளிம்புகளும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் வெளிச்சம். பிளாஷ் வேண்டாம், டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். பக்கவாட்டு ஜன்னல் ஒளி போதும். வெயில் நேராக அடித்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் அந்த ஒளியில்தான் தங்கத் தகடு ஒட்டிய மேடுகள் அழகாக எழும்பித் தெரியும். ஓவியத்தின் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழுந்தால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள்.