வீரர் மைதானத்தில் சாய்ந்தால்: பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்துப் பயிற்சியாளர் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவசர உதவி ஒத்திகை நடத்தும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்துவந்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். கூட்டத்தை விலக்க வேண்டும், பதறக் கூடாது என்பவை எவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வலிப்பு என்று முடிவு கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். எவரும் மோதாமல், பந்தும் அருகில் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்த வீரர் திடீரென்று சரிகிறார். கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுக்கின்றன, கண்கள் செருகுகின்றன. உடனே "வலிப்பு" என்று ஒருவர் குரல் கொடுக்க, இன்னொருவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார். இதயம் நின்று மூளைக்கு இரத்தம் போகாதபோதும் உடல் இப்படித்தான் வெட்டி இழுக்கும் என்பதை அந்த நேரத்தில் எவரும் நினைப்பதில்லை.

அடுத்து ஏமாற்றுவது மூச்சு. இதயம் நின்றவர்களில் பலர் தொடக்கத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை வாயைத் திறந்து, கரையில் போட்ட மீனைப் போல ஏங்குவார்கள். அது மூச்சு அன்று. ஓர் ஒத்திகையில் நடிப்பவரிடம் அப்படி ஏங்கச் சொல்லியிருந்தேன். பயிற்சிக்கு வந்த இளைஞர் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், கால்களைத் தூக்கிப் பிடித்தார், நாக்கு உள்ளே போய்விடும் என்று தாடையைப் பிளந்து விரலை விட்டார். நெஞ்சில் மட்டும் கை வைக்கவில்லை. "மூச்சு வருகிறதே, சார்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நாக்கை எவராலும் விழுங்க முடியாது. அது பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கக்கூடும் என்றாலும், நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து முகவாயை உயர்த்தினாலே பாதை திறந்துவிடும்.

ஆகவே, மோதலின்றிச் சரிந்தவர் தோளைத் தட்டி அழைத்தும் அசையவில்லை, 10 நொடிகளுக்குள் இயல்பான மூச்சும் தென்படவில்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே கொண்டு செயல்பட வேண்டும். பந்தோ முழங்கையோ நெஞ்சில் பட்டு விழுந்தவருக்கும் இதே விதிதான்.

மூச்சு இருந்தாலும் அவரை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்தபோது, முதலில் அவருக்கு மூச்சும் நாடியும் இருந்ததாகவும், சற்று நேரத்தில் நிலை மாறிவிட்டதாகவும் அணியின் மருத்துவர் பின்னர் கூறினார். அந்த மாற்றத்தை உடனே கண்டுகொண்டு நெஞ்சழுத்தத்தைத் தொடங்கி, இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவியால் ஒரே ஒரு அதிர்வு கொடுத்ததில் அவர் மீண்டார்.

வலிக்குமே என்று மெல்ல அழுத்துவது

மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையால் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். வாய்வழி மூச்சு கொடுக்கப் பயின்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு கொடுக்கலாம். பயிலாதவர் இடைவிடாமல் அழுத்தினாலே போதும். களைத்தபின் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். விலா எலும்பு முறியும் ஓசை கேட்டாலும் நிறுத்தக் கூடாது.

தண்ணீர் புகட்டுவது

நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

திட்டத்தைக் காகிதத்தோடு விடுவது

சுவரில் அழகாக ஒட்டிய அவசரத் திட்டம் பல மைதானங்களில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் நுழையக்கூடிய பெரிய வாயிற்கதவின் சாவியோ, மாலையில் வீட்டுக்குப் போய்விட்ட காவலாளியின் பையில் இருக்கிறது. ஏஇடி இருக்கும் இடங்களிலும் அது அலுவலக அறைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியும் தொடங்கும் முன்பே பெயர் சொல்லி வேலையைப் பிரித்துவிட வேண்டும்: ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் 108-ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்தபடி, எந்த வாயில், அருகில் என்ன அடையாளம் என்று சொல்வார், ஒருவர் ஏஇடியை எடுத்து வருவார், ஒருவர் வாயிலைத் திறந்து அங்கேயே நிற்பார். "யாராவது போன் பண்ணுங்கள்" என்றால், பெரும்பாலும் எவரும் அழைப்பதில்லை.

ஏஇடி வந்ததும், சட்டையைக் கிழித்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரு ஒட்டுத்தகட்டை வலது காறையெலும்பின் கீழும் மற்றொன்றை இடது அக்குளுக்குச் சற்றுக் கீழும் ஒட்ட வேண்டும். கருவி இதயத்தை ஆராயும்போதும் அதிர்வு கொடுக்கும்போதும் எவரும் அவரைத் தொடக் கூடாது. அதிர்வு கொடுத்தவுடன் நாடியைத் தேடிக்கொண்டிருக்காமல் மறுபடியும் அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

எழுந்துவிட்டவரை மீண்டும் ஆடவிடுவது

ஓட்டத்தின் நடுவிலேயே மயங்கி, தானாகவே எழுந்தவராக இருந்தாலும் அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. ஓடி நின்றபின் வரும் தலைச்சுற்றலைவிட, ஓடும்போதே வரும் மயக்கம் மோசமான அறிகுறி. ஈசிஜி எடுத்து, இதய மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை அவரைக் களத்தில் இறக்கக் கூடாது.