மாடரேட்டர் அம்பு எங்கே போய் முட்ட வேண்டும்? எம்.பி.ஏ. ஆய்வுக்குக் கருத்துச் சட்டகப் படம் வரைவது

எம்.பி.ஏ. ப்ராஜெக்டில் இலக்கிய மீளாய்வு முடிகிற இடத்தில் ஒரு படம் கேட்பார்கள். நாலு பெட்டி, நாலு அம்பு, அரை மணி நேர வேலை என்றுதான் நானும் உட்கார்ந்தேன். கைடு மூன்று தடவை திருப்பி அனுப்பினார், மூன்று தடவையும் ஒரே ஒரு அம்புக்காக.

என் ஆய்வு தனியார் மருத்துவமனைச் செவிலியர்களைப் பற்றியது. ஷிப்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் அல்லாடுகிறவர்கள் ஏன் வேலையை விட நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் காகிதம்

கணினியைத் திறக்காதீர்கள். கருதுகோள்களை வாக்கியமாக எழுதி, பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறி போடுங்கள். என்னுடையவை இவை:

H1: வேலை-வாழ்க்கைச் சமநிலை கூடினால் பணித்திருப்தி கூடும் (+)
H2: பணித்திருப்தி கூடினால் வேலையை விடும் எண்ணம் குறையும் (−)
H3: சமநிலை கூடினால் விடும் எண்ணம் நேரடியாகவும் குறையும் (−)
H4: சமநிலையின் தாக்கம் பணித்திருப்தி வழியாகவும் விடும் எண்ணத்தைப் போய்ச் சேரும்
H5: மேலதிகாரியின் ஆதரவு அதிகமாக இருக்கிற இடத்தில் H1-ல் சொன்ன தொடர்பு இன்னும் வலுவாகும்

ஒரு வாக்கியத்தை இப்படி எழுத வரவில்லை என்றால் அதற்கு அம்பும் கிடையாது. வயது, அனுபவம், திருமணம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எல்லாப் பக்கமும் அம்பு இழுப்பவர்கள் உண்டு, அவற்றுக்குக் கருதுகோள் இல்லையென்றால் தயவுசெய்து வேண்டாம்.

பெட்டிகள்

இடப்பக்கம் சமநிலை, வலப்பக்கம் விடும் எண்ணம், நடுவில் சற்று மேலே, சமநிலையின் தாக்கத்தை விடும் எண்ணத்துக்குக் கடத்துகிற மீடியேட்டரான பணித்திருப்தி. மூன்றையும் முக்கோணமாக வைத்தால் H1, H2, H3 அம்புகள் ஒன்றையொன்று வெட்டாது. பெட்டியில் எழுதும் பெயரும் கேள்வித்தாளில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் விழுந்த இடம்

மேலதிகாரி ஆதரவு என்ற பெட்டியை மேலே வைத்து, அம்பைப் பணித்திருப்திப் பெட்டிக்கு இழுத்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படம் என்ன சொல்கிறது? மேலதிகாரி ஆதரவு தந்தால் திருப்தி கூடும் என்கிறது. அது வேறு கருதுகோள், நான் எழுதவே இல்லாதது. என் H5 சொல்வது, சமநிலைக்கும் திருப்திக்கும் இடையே உள்ள தொடர்பின் வலுவை அந்த ஆதரவு மாற்றுகிறது என்று. இப்படி வலுவை மாற்றுகிறதுதான் மாடரேட்டர். தொடர்பு என்பது படத்தில் எது? H1 அம்பு. அதனால் மாடரேட்டரின் அம்பு H1 அம்பின் நடுவில்தான் முட்ட வேண்டும், எந்தப் பெட்டியிலும் இல்லை.

இது வெறும் படப் பிரச்சினையும் அல்ல. எஸ்.பி.எஸ்.எஸ்-ல் இந்த மாதிரிப் படங்களைத் தரவை வைத்துச் சோதிக்கிற PROCESS மேக்ரோ ஓட்டும்போது முதல் அம்பில் மாடரேட்டர் இருந்தால் Model 7, H2 அம்பில் இருந்தால் Model 14, நேரடி அம்பான H3-ல் இருந்தால் Model 5. அம்பை மாற்றி வரைந்தால், நீங்கள் ஓட்டிய மாடல் ஒன்று, காட்டுகிற படம் இன்னொன்று. வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

வரைவது

வேர்டில் வரையாதீர்கள், ஒரு பத்தி சேர்த்ததும் அம்புகள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். எனக்கு draw.io தான் பிடிக்கும், இலவசம், உலாவியிலேயே திறக்கும். பவர்பாயிண்டும் பரவாயில்லை. பெட்டியை இழுத்து நகர்த்திப் பாருங்கள், அம்பும் கூடவே வந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது.

அம்பின் மேல் இன்னொரு அம்பை ஒட்டுவதுதான் தலைவலி. நான் செய்வது இது: ஒரு சின்ன வட்டத்தை H1 வரும் பாதையின் நடுவில் வைத்து, Arrange பகுதியில் அகலம், உயரம் இரண்டையும் 6 ஆக்குவேன். சமநிலையிலிருந்து வட்டம் வரை அம்புத்தலை இல்லாத கோடு, வட்டத்திலிருந்து திருப்திக்கு அம்பு. அப்புறம் மேலதிகாரி ஆதரவின் அம்பை அந்த வட்டத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது. File > Export as > PNG போய் Zoom-ஐ 300% வைத்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அச்சில் எழுத்து மங்கும்.

பிற்சேர்க்கை: ஐந்து கருதுகோளுக்கு நாலு அம்புதான் வருகிறது, H4 எங்கே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மீடியேஷனுக்குத் தனி அம்பு கிடையாது, H1-ம் H2-ம் சேர்ந்த பாதைதான் அது. மூன்றாவதாக ஒரு வளைந்த அம்பு போட்டால் H3-ஐயே இரண்டு முறை வரைந்தது போல் ஆகிவிடும். படத்துக்குக் கீழே "H4: சமநிலை → பணித்திருப்தி → விடும் எண்ணம்" என்று ஒரு வரி எழுதினேன், கைடு அதை ஏற்றுக்கொண்டார்.