இடக்கைக்காரனின் மணிக்கூடு வலக்கைக்கு மாறியது

நான் இடக்கையால் எழுதுபவன். ஆயினும் ஊர் வழக்கப்படி மணிக்கூட்டையும் இடக்கையிலேயே கட்டி வந்தேன். திருகோணமலையில் அலுவலகப் பதிவேடு எழுதும்போது மணிக்கட்டு பின்னோக்கி வளையும் ஒவ்வொரு முறையும், 3 மணிப் பக்கத்துக் குமிழ் புறங்கையில் அழுந்தி, மாலையில் மிளகளவு சிவந்த குழியொன்று தெரியும். வார் தளர்த்தியும் பயனில்லை. மணிக்கூடு இன்னும் கையை நோக்கிச் சரிந்தது.

பின்னர் அதே மணிக்கூட்டை வலக்கையில் கட்டினேன். அப்போது 3 மணிப் பக்கம் முழங்கையை நோக்கித் திரும்புவதால், நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளின் முடுக்கியைத் திருகி மணிக்கட்டை வளைத்தாலும் குமிழ் குத்துவதில்லை. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே கட்டினால் மூடியின் விளிம்பும் தட்டுவதில்லை.

இதிலுள்ள குறை ஒன்றே: கட்டியபடியே இடக்கையால் குமிழைப் பிடிப்பது சிரமம். என்னுடையது சாவி கொடுக்கும் வகை என்பதால், காலையில் கழற்றி வைத்து, இறுக்கம் தெரியும்வரை திருகிவிட்டே கட்டுகிறேன். கையில் இருக்கும்போது சாய்வாக இழுத்துத் திருகினால் தண்டு வளையக்கூடும்.

இடக்கைக்காரருக்கென்று 9 மணிப் பக்கம் குமிழ் வைத்த மணிக்கூடுகளும் உண்டு. அவற்றை வலக்கையில் கட்டினால் திருகுவது எளிது, ஆனால் குமிழ் மறுபடியும் புறங்கையை நோக்கும். குத்தலுக்கு மருந்து தேடிய எனக்குச் சாதாரண மணிக்கூடே போதுமானதாயிற்று.